விலை சொல்லாமல் ஆசை காட்டுவது எப்படி: நவராத்திரி நகைக்கு ஒரு வெயிட்டிங் லிஸ்ட்

நகை வடிவமைக்கும் என் தோழி போன வருடம் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். நாகர்கோவில் வடசேரியில் ஓர் ஆசாரியிடம் நவராத்திரிக்காக ஐந்து வகை கோயில் நகை செய்யக் கொடுத்திருந்தாள். வெள்ளித் தகட்டில் அறை கட்டி, அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டும் பழைய வேலை. மொத்தம் அறுபது உருப்படி, அதற்கு மேல் அவர் கையால் முடியாது. விலை இன்னும் முடிவாகவில்லை. 2025-ல் வெள்ளி ஏறிய ஏற்றம் தெரியும்தானே? ஜனவரியில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது, தீபாவளிக்குள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகஸ்டில் ஒரு விலையைச் சொல்லிவிட்டு செப்டம்பரில் மாட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"விலை போடாமல் இப்போதே ஆள் சேர்க்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும். புதிதாகத் தொடங்கும் நகைக்காரர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறாகச் செய்த இரண்டு காரியங்களும் இதில் உண்டு.

முதலில் பஞ்சாங்கம், பிறகுதான் படம்

டீசர் என்றதும் எல்லோரும் கேமராவைத் தேடுவார்கள். அதற்கு முன்னால் எடுக்க வேண்டியது காலண்டர். விற்பனை எந்த நாள், எந்த நேரம் திறக்கும் என்பது முடிவாகாமல் ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது. "விரைவில்" என்று போட்டால் இரண்டாவது வாரத்தில் ஜனங்கள் மறந்துபோவார்கள்.

2025-ல் நவராத்திரி செப்டம்பர் 22, திங்கட்கிழமை தொடங்கியது. கொலு பார்க்கப் போகும்போது போட வேண்டிய நகை என்றால் 15-ம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் 10-ம் தேதி விற்கலாமா? அங்கேதான் சிக்கல். 7-ம் தேதி ஞாயிறு இரவு சந்திர கிரகணம், 8 முதல் 21 வரை மகாளய பட்சம். பட்சத்தில் புதுநகை வாங்காத வீடுகள் நம் பக்கம் நிறைய. கெம்பு ஜிமிக்கி வாங்கும் வாடிக்கையாளர்களில் அப்படிப் பார்ப்பவர்கள் இன்னும் அதிகம். ஆக, விற்பனை 7-ம் தேதி இரவுக்கு முன்னால் முடிய வேண்டும், ஆவணியிலும் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமையைப் பிடித்தோம். ஓணமும் அன்றுதான். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை, அதனால் திறப்பு மதியம் 12.30. இதெல்லாம் அதிகப்படி என்று தோன்றலாம். பட்டியலில் இருந்த நான்கு பேர், "பன்னிரண்டரைக்கு வைத்தது நல்லதாயிற்று" என்று அவர்களாகவே எழுதினார்கள். நேரத்தை நாங்கள் விளக்கவே இல்லை, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது.

அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். முதல் படம் ஆகஸ்ட் 18, ஆவணி பிறந்த மறுநாள். பெயர் பதியும் படிவம் 22. இரண்டாவது தகவல் 29, அதாவது பிள்ளையார் சதுர்த்தி கழிந்து இரண்டு நாளில். பட்டியல் மூடுவது செப்டம்பர் 2. விலை, 4-ம் தேதி மாலை. மொத்தம் பதினெட்டு நாள். இதைவிட நீட்டினால் ஆர்வம் வடிந்துவிடும்.

எதைக் காட்டுவது

டீசரில் நகையை முழுதாகக் காட்டினால் அது விளம்பரம். பார்த்ததும் வருகிற அடுத்த கேள்வி "எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். விலையைச் சொல்ல முடியாத சமயத்தில் அந்தக் கேள்வியை நாமே அழைக்கக் கூடாது. அதனால் முதல் படங்களில் நகையின் ஒரு பகுதி மட்டும் வர வேண்டும், பார்ப்பவர் மனசில் எழும் கேள்வி "இது என்ன நகை?" என்பதாக இருக்க வேண்டும்.

தோழி முதலில் எடுத்து வந்த படம் வாழையிலையின் மேல் அட்டிகை, பக்கத்தில் குத்துவிளக்கு, இரண்டு மல்லிகைப் பூ. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் படத்தை நாம் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். அதை ஒதுக்கிவிட்டு ஆசாரியின் பட்டறையில் எடுத்த ஒரு சின்ன வீடியோவைப் போட்டோம். பன்னிரண்டு விநாடிதான் ஓடும். கல் வைக்காத ஜிமிக்கிக் குடை ஒன்று கட்டைமேல் இருக்கிறது, அறைகள் எல்லாம் தேன்கூடு மாதிரி காலியாகத் தெரிகின்றன. ஒரு கை வந்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புக் கல் ஒன்றை ஊசி முனையால் எடுத்து ஓர் அறையில் வைத்து அழுத்துகிறது. அவ்வளவுதான். பின்னணியில் பாட்டு இல்லை, பட்டறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அதன் கீழே எழுதியது மூன்று வரி:

"இந்தக் குடையில் இன்னும் பல அறைகள் காலி.
நவராத்திரிக்குள் நிறைந்துவிடும்.
ஐந்து வகை, அறுபது உருப்படி. செப்டம்பர் 5 மதியம் 12.30."

"எக்ஸ்க்ளூசிவ்", "பிரமாண்டம்", "கனவு நனவாகும்" எதுவும் வேண்டாம். அவை எந்தக் கடைக்கும் பொருந்துகிற சொற்கள். காலி அறை என்பது இந்த நகைக்கு மட்டும் சொந்தம்.

விலை இல்லாவிட்டாலும் தரம் தெரிய வேண்டும்

இதுதான் இந்த வேலையில் நுணுக்கமான இடம். விலையை மறைத்தால் பட்டியலில் தப்பான ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். ஐந்நூறு ரூபாய் கவரிங் என்று நினைத்து வருபவரும், இருபத்திரண்டு காரட் தங்கம் என்று நினைத்து வருபவரும், விலை வெளிவரும் நாளில் ஏமாந்து போவார்கள். ஏமாந்தவர் சும்மா போகமாட்டார், நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அதனால் எல்லாத் தகவலிலும் ஒரு பொருள் வரி கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வரி: "925 வெள்ளி, கெம்புக் கல், மேலே தங்க ரேக்கு. வடசேரிக் கைவேலை." இதைப் படித்ததும் கவரிங் தேடுபவர் விலகிவிடுவார், தங்கம் தேடுபவரும் புரிந்துகொள்வார். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இந்த எண் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அதேபோல நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. செம்பு வார்ப்பில் செய்து முலாம் பூசியதற்கு அந்த ஊர்ப் பெயரை ஒட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது மட்டுமல்ல, சட்டப்படியும் வில்லங்கம்.

எடையைச் சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. "ஜோடி 16 கிராம்" என்று போட்டால் படிப்பவர் உடனே அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிவிடுவார். இந்த மாதிரி நகையில் காசு போவது வெள்ளிக்கு அல்ல, செய்கூலிக்கு. அவர் மனசில் ஒரு சின்னத் தொகை உட்கார்ந்துவிட்டால் பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான விலையும் கொள்ளையாகத் தெரியும். டீசரில் எடையைக் காது மொழியில் சொல்லுங்கள்: "நாள் முழுக்கப் போட்டாலும் காது இழுக்காது", "மாட்டல் இல்லாமலே நிற்கும்". கிராம் கணக்கு விலையோடும் செய்கூலியோடும் சேர்ந்து வரட்டும்.

அளவும் அப்படித்தான். சென்டிமீட்டர் எழுதினால் யாருக்கும் கண்ணில் நிற்காது. ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் ஜிமிக்கியின் நிழலை மட்டும் படம் எடுத்தோம். நகை முழுதாகத் தெரியவில்லை, அளவு தெரிந்துவிட்டது.

"விலை என்ன?" என்று கேட்பார்கள்

நிச்சயமாகக் கேட்பார்கள், முதல் அரை மணி நேரத்திலேயே. பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஒரே பதில். எங்களுடையது இது:

"அக்கா, கடைசி உருப்படி முடிந்து எடை போட்ட பிறகுதான் விலை வைக்கிறோம். 4-ம் தேதி மாலை 6 மணிக்குப் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஒன்றும் பிரச்சினை இல்லை."

இதில் காரணம் இருக்கிறது, தேதி இருக்கிறது, வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஒரே ஒரு சொந்தக்காரருக்கு மட்டும் ரகசியமாக விலையைச் சொல்லிவிடாதீர்கள், அந்த ஸ்க்ரீன்ஷாட் சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். "விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்பதும் வேண்டாம். விற்பனை திறந்த பிறகும் விலையை மூடி வைத்து விற்பது வேறு விஷயம். 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இணையத்தில் விற்கும்போது மொத்த விலையைக் காட்டச் சொல்கின்றன. மறைப்பு டீசரோடு முடிந்துவிட வேண்டும்.

படிவமும், எங்கள் முதல் தவறும்

பெயர் பதிய கூகுள் ஃபார்ம் போதும். நான்கே கேள்வி: பெயர், வாட்ஸ்அப் எண், பின்கோடு, ஐந்து வகையில் எது வேண்டும். ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, நெத்திச்சுட்டி, ராக்கொடி என்று பெயர் மட்டும்தான், படம் இல்லை. கீழே ஒரு டிக் பெட்டி: "இந்தத் தொகுப்பு பற்றி மட்டும் எனக்குத் தகவல் அனுப்பலாம்." எவ்வளவு செலவு செய்வீர்கள் என்ற கேள்வியைத் தோழி சேர்க்கப் பார்த்தாள், வேண்டாம் என்று தடுத்தேன். நாம் விலை சொல்லாமல் அவர்களிடம் தொகை கேட்பது மரியாதையாக இல்லை.

இனி தவறு. நூறு பேருக்கு மேல் சேர்ந்ததும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்று போட்டு ஆகஸ்ட் 29-ம் தேதித் தகவலை அனுப்பினோம். பதில் வந்தது பத்துப் பேரிடமிருந்துதான். ஆர்வம் குறைந்துவிட்டது என்று தோழி சோர்ந்துபோனாள். அனுப்பிய தகவலை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. பிராட்காஸ்டில் அனுப்புவது, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அவர்கள் எண் உங்களிடம் இருந்தால் போதாது.

தீர்வு எளிது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. படிவம் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் இந்த மாதிரி ஒரு இணைப்பைக் கொடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MULLAI
```

X இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். தட்டினால் உங்களுடன் உரையாடல் திறக்கும், MULLAI என்ற சொல் தயாராக இருக்கும் (தொகுப்பின் பெயர் "முல்லை"). அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. "அனுப்பிவிட்டு எண்ணை 'முல்லை நகை' என்று சேமித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விலைத் தகவல் வராது" என்று ஒரு வரி. இந்த ஒரு வரியை வெட்கப்படாமல் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் அடங்குவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும், அதற்கு மேல் போனால் இன்னொரு லிஸ்ட். நாங்கள் விட்டுப்போனவர்களுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராக அனுப்பினோம்.

எண்ணிக்கையில் விளையாடக் கூடாது

"அறுபதுதான்" என்று சொன்னால் அறுபதுதான். ஒரு சின்னக் கடையில் "பத்தே பத்து" என்று சொல்லி நான் ஓடிப்போய் வாங்கிய வளையல், அடுத்த மாதமே "மறுபடி வந்துவிட்டது" என்று ஸ்டேட்டஸில் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையின் எந்த எண்ணையும் நான் நம்பவில்லை. மனக்கசப்போடு போகிற விஷயமும் இல்லை. 2023 நவம்பர் இறுதியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடுக்கப்பட்ட பதின்மூன்று ஏமாற்று முறைகளில் "பொய்யான அவசரம்" முதலாவதாக வருகிறது. இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டுவதும் அதில் அடக்கம்.

எங்கள் இரண்டாவது தவறும் எண்ணிக்கையில்தான். ஆகஸ்ட் 18-க்கு முன்பே ஆசாரியிடம் வகைவாரியாகச் சொல்லிவிட்டோம்: ஜிமிக்கி 24 ஜோடி, மாட்டல் 12, அட்டிகை 6, நெத்திச்சுட்டி 10, ராக்கொடி 8. படிவத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் 118 பேர். அதில் 71 பேர் ஜிமிக்கி கேட்டார்கள், ராக்கொடி கேட்டவர்கள் மூன்றே பேர். பட்டியல் நமக்குச் சொல்லிவிட்டது, கேட்க நாங்கள் தயாராக இல்லை. மொத்த எண்ணை முதல் நாளே சொல்லுங்கள், வகைவாரி எண்ணைப் படிவம் ஒரு வாரம் ஓடிய பிறகு முடிவு செய்யுங்கள். அறுபது அறுபதாகவே இருக்கும், உள்ளே ராக்கொடி நான்காகக் குறைந்து ஜிமிக்கி கூடியிருக்கும். ஆசாரியிடமும் கடைசி இருபது உருப்படிக்கு முன்பணம் மட்டும் கொடுத்து வகையைப் பிறகு சொல்வதாகப் பேசிக்கொள்ளலாம், கல்லும் தகடும் பொதுதானே.

விலை சொல்லும் மாலையும் மறுநாளும்

செப்டம்பர் 4 மாலை ஆறு மணிக்குப் போனது ஐந்து முழுப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எடை, செய்கூலி சேர்ந்த விலை, மூன்று சதவீத ஜிஎஸ்டி, கூரியர். இத்தனை நாள் காத்திருந்தவருக்கு "இத்தனை ரூபாயிலிருந்து" என்று மழுப்பலாக அனுப்பாதீர்கள். பதினெட்டு மணி நேரம் இடைவெளி கொடுத்ததற்குக் காரணம், நம் வீடுகளில் நகை என்பது தனியாக எடுக்கும் முடிவல்ல. இரவு சாப்பாட்டின்போது ஒரு பேச்சு நடக்க வேண்டும்.

மறுநாள் 12.30-க்குத் திறந்தது. நாற்பது நிமிடத்தில் 24 ஜோடி ஜிமிக்கியும் ஆறு அட்டிகையும் போய்விட்டன. அன்றைய கணக்கு முடியும்போது 37 உருப்படி. 118 பேர் பதிந்து 37 போனது தோழிக்கு வருத்தம். எனக்கு வியப்பில்லை: பெயர் பதிவது காசு கொடுக்கிற காரியம் இல்லை. மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் திறந்தோம், ஞாயிறு மதியம் வரை இன்னும் ஒன்பது போயின. கிரகணத்துக்கு முன்பே மூடிவிட்டோம். மீந்தவை பதினான்கு, அதில் ஆறு ராக்கொடி. அவற்றை நவராத்திரி முதல் நாள் "முல்லையில் மீந்தவை" என்று அதே பெயரில், அதே விலையில் போட்டோம். பார்சல்கள் 10-ம் தேதிக்குள் கிளம்பின. ஒரே ஒரு அம்மா மட்டும் 22-ம் தேதி கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பச் சொன்னார்கள், அப்படியே செய்தோம்.

ஜிமிக்கி கிடைக்காதவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையே அவர்களுக்குத் தனியாக ஒரு தகவல் போனது:

"ஜிமிக்கி முடிந்துவிட்டது, மன்னிக்கவும். இதே வடிவம் மறுபடி வராது. தீபாவளிக்கு வேறொரு காதணி செய்கிறோம், 20 ஜோடி. உங்களுக்கு ஒரு நாள் முன்னால் சொல்லட்டுமா? வேண்டுமென்றால் 'சரி' என்று மட்டும் அனுப்புங்கள்."

நாற்பத்தேழு பேருக்கு அனுப்பினோம். இரவு பத்து மணிக்குள் முப்பத்தொரு "சரி" வந்துவிட்டது. தோழி நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, இந்த முறை வகைவாரி எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள்.